விளம்பரக் கதையும் வாசலில் நிற்பவனும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து எனது பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் இப்போது ஓர் இனிப்புக்கடை நடத்துகிறார். கடைக்கு உள்ளூர் வாடிக்கையாளர்களைவிட வெளிநாட்டு வாடிக்கையாளர்களே முக்கியம். கனடாவிலோ டென்மார்க்கிலோ இருந்துகொண்டு காசை அனுப்பினால், தீபாவளிக்கு முதல்நாள் ஊரில் இருக்கும் தாயின் வீட்டு வாசலுக்குப் பெட்டி போய்ச் சேரும். "சேர், நீங்கள் எங்களுக்குச் சிறுகதை படிப்பிச்சனீங்கள். ஒரு சின்னக் கதை எழுதித் தாங்கோ. எங்கட பெடியன் பெட்டி கொண்டுபோற மாதிரி. அவனே சொல்லுற மாதிரி. கடைசியில கடையின்ர பேர் வந்தால் போதும்" என்றார்.

நான் இங்கு யூலண்டில் பிஸ்கற் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். விரிவுரை மண்டபத்தை விட்டு வந்தபின் இலக்கியத்தின் பெயரால் என்னிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை. அதனால் இரண்டு இரவு வேலைகளுக்கு இடைப்பட்ட ஒரு பகலில் அந்தக் கதையை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை அந்தக் கதையைப் பற்றிய விமர்சனம். பிறர் எழுத்தைக் கூறுபோடுவது எமக்குப் பழகிப்போன காரியம். இம்முறை மேசையில் கிடப்பது எனது எழுத்து.

கதை இதுதான். மழை தூறும் மாலை. இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பெட்டிகளுடன் புறப்படுகிறான். முதல் வீட்டில் பெட்டியைப் பறிக்கும் குழந்தைகள். இரண்டாவது வீட்டில், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும். ஒருவர் அனுப்பிய பெட்டி மற்றவரிடம் போகிறது. மூன்றாவது வீட்டில் தனியே இருக்கும் ஓர் ஆச்சி. மகன் கொப்பன்ஹேகனில். வந்து பத்து வருடம். ஆச்சி இளைஞனை உள்ளே அழைத்து இருத்தி, பெட்டியைத் திறந்து, முதல் லட்டை அவன் கையில் வைத்து, "நீ சாப்பிடு ராசா, அவன் சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்கிறார். இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மழைக்குள் இறங்குகிறான். அடியில் கடையின் பெயர்.

எழுதி முடித்ததும் இதன் செய்நேர்த்தி குறித்து எனக்குத் திருப்தியே ஏற்பட்டது. குறை எங்கே இருக்கிறது என்பதைக் காண்பதற்கு, இத்தகைய கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

கடைக்காரன் தன் லட்டைத் தானே புகழ்ந்தால் எவரும் நம்பமாட்டார்கள். வாங்குபவன் புகழ்ந்தால், காசு கொடுத்துச் சொல்லவைத்தது என்று சந்தேகிப்பார்கள். சுமந்து செல்பவன் இரண்டு பக்கமும் சேராதவன் போலத் தோன்றுகிறான். அவன் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை, வெறுமனே பார்க்கிறான். ஆகவே விளம்பரத்துக்கு அவன் மிக வசதியான சாட்சி. மேலும் அவன் வாசல் வாசலாகப் போவதால் கதைக்கு ஒரு கட்டமைப்பும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. முதல் வாசலில் சிரிப்பு, இரண்டாவதில் சிறு முரண், மூன்றாவதில் கண்ணீர். நான் எழுதிய கதையும் இந்த வரிசையிலேயே போகிறது. நான் அதைத் திட்டமிடவில்லை. கை தானாகவே அப்படிப் போனது.

இரண்டாவது விடயம் கதையின் சிக்கலைப் பற்றியது. விளம்பரக் கதையில் முடிச்சை அவிழ்ப்பது பண்டமாகவே இருக்கவேண்டும். ஆகவே ஓர் இனிப்புப் பெட்டியால் தீர்க்கக்கூடிய அளவுள்ள துன்பம் மட்டுமே அக்கதைக்குள் அனுமதிக்கப்படும். தனிமை அனுமதிக்கப்படும். சகோதர மனத்தாங்கல் அனுமதிக்கப்படும். ஆச்சியின் மகன் ஏன் பத்து வருடமாக வரவில்லை என்ற கேள்வி அனுமதிக்கப்படாது. அவனது வதிவிட அனுமதி, அவனது கடன், அவனது பயம் ஆகியவற்றை எந்த லட்டும் தீர்க்காது. எனவே நான் அவற்றை எழுதவில்லை. எவரும் தடுக்கவில்லை, நானே விட்டுவிட்டேன். எழுதுபவனுக்குள் அமர்ந்திருக்கும் தணிக்கையாளன் அரசினால் மட்டும் அனுப்பப்படுவதில்லை என்பதை அன்று கண்டுகொண்டேன்.

இப்போது இன்னொருவரின் படைப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். இந்தியாவின் உணவு விநியோக நிறுவனமான சொமாட்டோ 2021 ஆகஸ்டில் இரண்டு விளம்பரப் படங்களை வெளியிட்டது. இரண்டிலும் நாயகன் உணவு கொண்டுவரும் ஊழியன். ஒன்றில் அவன் மழையில் நனைந்து நடிகர் ஹிருத்திக் ரோஷனின் வாசலுக்கு வருகிறான். அவனோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள நடிகர் விரும்புகிறார். மற்றதில் அவன் நடிகை கத்ரினா கைஃபின் வாசலில் நிற்கிறான். அன்று அவரது பிறந்தநாள், அவனுக்கும் கேக் தர விரும்புகிறார். இரண்டு இடத்திலும் சற்று நில் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவனது தொலைபேசி அடுத்த ஆர்டருக்காக ஒலிக்கிறது. அவன் படத்தையும் கேக்கையும் விட்டுவிட்டுப் போகிறான். தனக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் நட்சத்திரமே என்பது படத்தின் முடிவுரை.

பார்வையாளர்கள் பலர் நெகிழவில்லை, கோபப்பட்டார்கள். ஒரு துண்டு கேக் தின்னவும் ஒரு நிமிடம் நிற்கவும் முடியாத வேலையை ஏன் பெருமையாகக் காட்டுகிறீர்கள், நடிகர்களுக்குக் கொடுத்த பணத்தை ஊழியருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அந்த மாதத்தில் ஊழியர்களின் ஊதியம் பற்றிய விவாதம் ஏற்கனவே சூடுபிடித்திருந்தது. நிறுவனம் ஆகஸ்ட் 30 அன்று ஒரு விளக்கம் வெளியிட்டது. படங்கள் ஆறு மாதங்களுக்கு முன் சிந்திக்கப்பட்டு இரண்டு மாதங்களுக்கு முன் எடுக்கப்பட்டவை, ஊழியர்களை நாயகர்களாக்குவதும் அவர்களிடம் மரியாதையாகப் பேசவேண்டும் என்று காட்டுவதுமே நோக்கம் என்றது. அந்த நோக்கத்தை நான் பொய் என்று சொல்லவரவில்லை. எனது கதையின் நோக்கமும் அதுதான்.

ஆனால் விமர்சகர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் படங்களில் ஒலிக்கும் தொலைபேசி மட்டும் உண்மையைப் பேசுகிறது. ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவனுக்கு நிற்பதற்குக் காசில்லை. கடை வாசலில் உணவு தயாராகும்வரை காத்திருப்பதும், வரைபடம் காட்டிய இடத்தில் வீடு இல்லாமல் தெருவைச் சுற்றுவதும், லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று காவலாளி சொல்லப் படியேறுவதும் அவனது சொந்த நேரம். படம் எடுத்தவர்கள் அவசரத்தைக் கடமையுணர்வாகக் காட்ட நினைத்தார்கள். பார்த்தவர்கள் அதைக் கூலிமுறையாகப் படித்தார்கள். ஒரு பிரதியைப் படைத்தவனின் நோக்கத்துக்கு எதிராகப் படிக்கும் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரு தவணை முழுவதும் கற்பித்தோம். இங்கே சாதாரணப் பார்வையாளர்கள் ஒரே நாளில் அதைச் செய்தார்கள்.

எனது கதையில் அந்த ஒலி இல்லை. இளைஞன் ஆறுதலாக அமர்ந்து லட்டுச் சாப்பிடுகிறான். அவ்வகையில் எனது கதை அந்தப் படத்தைவிட இனிமையானது. அதனாலேயே அதைவிடப் பொய்யானது.

அவன் உண்ணும் அந்த லட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018 டிசம்பரில் ஒரு சிறு வீடியோ இந்தியா எங்கும் பரவியது. அதே நிறுவனத்தின் சிவப்புச் சட்டை அணிந்த ஊழியர் ஒருவர், தெருவோரத்தில் வண்டியில் இருந்தபடி, கொண்டுபோகும் பொதிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உண்டுவிட்டு மீண்டும் மூடிவைக்கிறார். இடம் மதுரை என்று நிறுவனம் கண்டறிந்து அவரை வேலையிலிருந்து நீக்கியது. இனிமேல் பிரித்தால் தெரியும்படியான ஒட்டுநாடா பயன்படுத்தப்படும் என்றும் அறிவித்தது. பிறர் உணவை எச்சிலாக்கிக் கொடுப்பது சரி என்று எவரும் வாதிடமாட்டார். நான் கேட்பது வேறு. அந்த நிகழ்வுக்கு ஒட்டுநாடா விடையாகக் கிடைத்தது. அவர் ஏன் பசியோடு இருந்தார் என்பது கேள்வியாகக்கூட நிலைக்கவில்லை. விளம்பரக் கதையில் சுமப்பவன் உண்ணலாம், ஆனால் கொடுத்தால் மட்டுமே. அவன் பசிக்குக் கதையில் இடமில்லை. எமது பெருந்தன்மைக்கு மட்டுமே இடமுண்டு. ஆச்சி கொடுத்த லட்டு இளைஞனுக்காகக் கொடுக்கப்பட்டதுமல்ல. அது கொப்பன்ஹேகனில் இருக்கும் மகனுக்கானது. இளைஞனின் வாய் இரவலாகப் பெறப்பட்டது.

அடுத்தது வாசல். எனது ஆச்சி, அவன் யார் என்று கேட்காமலே உள்ளே அழைக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களே, இதை எழுதும்போது எனது கை கூசியிருக்க வேண்டாமா? எமது ஊரில் வாசலில் நிற்கும் புதியவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி எது? "எந்த ஊர் மோனை? ஆற்ற பிள்ளை?" அந்தக் கேள்வி அன்பாகவே கேட்கப்படும். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே முற்றமா, விறாந்தையா, உள்வீடா என்பதும், எந்தக் குவளையில் தண்ணீர் என்பதும் தீர்மானிக்கப்பட்டன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் இந்த 'உள்ளே' என்ற சொல்லுக்காகவே நடந்தது. கே. டானியல் தனது நாவல்களை எழுதியதும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியே. அவற்றையெல்லாம் வகுப்பில் படிப்பித்த ஒருவன், ஒரு லட்டுக்காக அந்த வாசலை ஒரு வரியில் திறந்துவிட்டான். காலம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தை யார் எப்படிப் பெற்றார்கள் என்பதைச் சொல்லாமல், இயல்பாகவே இருந்த ஒன்றுபோலக் காட்டுவது அதைப் பெற்றவர்களிடமிருந்து திருடுவதாகும்.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையுமல்ல. 2019 ஜூலையில் இந்தியாவின் ஜபல்பூரில் ஒரு வாடிக்கையாளர், உணவு கொண்டுவரும் ஊழியர் இந்து அல்லர் என்று பெயரைப் பார்த்து அறிந்து ஆர்டரை ரத்துச் செய்தார். சமய விரத மாதம் அது. உணவுக்கு மதமில்லை, உணவே ஒரு மதம் என்று நிறுவனம் பதிலளித்தது. அந்தப் பதில் பெரிதும் பாராட்டப்பட்டது. பண்டிகைப் பெட்டியைச் சுமப்பவன் அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவனாக இருக்கலாம் என்ற மிக எளிய சாத்தியம் எனது கதையில் எழவே இல்லை. எனது நாயகனுக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் வைத்தால் ஊரும் சமயமும் சாதியும் உடன் வந்துவிடும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் நானே கண்டுபிடித்தவை என்று பெருமைப்பட முடியாது. எனது மாணவர் கதையின் முதற்படியைத் தனது கடையில் உண்மையாகவே பெட்டி கொண்டுபோகும் பையனிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறார். அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். மரியாதையான பையன். "கதை நல்லாயிருக்கு சேர். ஆனா நான் ஒரு வீட்டிலயும் இருந்ததில்லை" என்றான். பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னான்.

தீபாவளிக்கு முதல்நாள் அவனுக்கு இருபத்துநான்கு பெட்டி. அவனது பையில் ஒரு கிலோப் பெட்டி ஆறுதான் படுக்கையாக வைக்கலாம். நிமிர்த்தி வைத்தால் பூந்தி லட்டு உருண்டு உதிர்ந்துவிடும். மஸ்கற்றின் நெய் ஒரு பக்கமாக வடிந்து அட்டையை நனைத்துவிடும். அரியதரமும் முறுக்கும் என்றால் பயமில்லையாம். ஆகவே நான்கு தடவை கடையிலிருந்து புறப்படவேண்டும். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. பெற்றோல் அவனுடையது. பெட்டி நசுங்கினால் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். மூடியைத் திறக்காமலே அவனுக்குத் தெரியும். அட்டையின் அடியில் கையை வைத்துப் பார்த்தால் ஈரம் பிடிபடும்.

ஒரு வீட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்க அவனுக்கு ஐந்து நிமிடம் போதும், தொலைபேசியை எடுத்தால். ஆனால் வயதானவர்கள் தெரியாத இலக்கத்தை எடுப்பதில்லை. படலை பூட்டியிருக்கும். நாய் அவிழ்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி கொடுத்ததற்கு அத்தாட்சியாக அம்மாவையும் பெட்டியையும் ஒரு படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருவார், சேலையை மாற்றிவிட்டு வருவார். மகன் பார்க்கப்போகிற படமல்லவா?

நான் ஒரு கணக்குப் பார்த்தேன். எனது ஆச்சி இருத்தி உபசரித்ததுபோல ஒவ்வொரு வீட்டிலும் இருபது நிமிடம் இருத்தினால், இருபத்துநான்கு வீட்டுக்கு நானூற்றெண்பது நிமிடம். எட்டு மணித்தியாலம். தொழிற்சாலையில் எனது முழு வேலைநாள் அவ்வளவுதான். கதையில் வரும் கனிவு மெய்யாக நடந்தால், அதற்கு அவன் ஒரு முழுநாள் கூலியைக் கொடுக்கவேண்டும். கனிவு வேண்டாம் என்பதல்ல எனது முடிவு. அந்தக் கனிவின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே கேள்வி. எட்டு மணித்தியாலத்தை அவனிடமிருந்து எடுத்து, நெகிழ்ச்சியாக மாற்றி, எமக்கு விற்றிருக்கிறேன்.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும்: "விளம்பரத்துக்கு எழுதினால் அப்படித்தான் இருக்கும். கூலிக்கு எழுதும் கதையில் உண்மையைத் தேடுவது உன் பிழை." நான் இதை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் நான் வாழும் இந்த நாட்டிலேயே இருக்கிறது.

1845 நவம்பரில் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் தெற்கு யூலண்டில் கிறோஸ்ரன் மாளிகையில் விருந்தினராக இருந்தபோது, ஒரு நாட்காட்டிப் பதிப்பாளரிடமிருந்து மூன்று படங்கள் வந்தன. ஒன்றைத் தெரிவுசெய்து அதற்கு ஒரு கதை எழுதித் தரும்படி வேண்டுகோள். ஓவியர் லுண்ட்பி வரைந்த, தீக்குச்சி விற்கும் ஒரு சிறுமியின் படத்தை அவர் எடுத்தார். 1846ஆம் ஆண்டுக்கான நாட்காட்டியில் அக்கதை வெளிவந்தது. 'தீக்குச்சி விற்ற சிறுமி' என்று எமது பிள்ளைகள் படிக்கும் கதை அதுவே. கேட்டு வாங்கப்பட்ட கதை. விற்பனைக்கான வெளியீட்டுக்கு, கொடுக்கப்பட்ட படத்துக்கு எழுதப்பட்டது. பண்டிகைக் காலக் கதை. நாயகி, தெருவில் பண்டம் சுமந்து திரியும் ஏழை. அதாவது எனக்குக் கிடைத்த அதே நிபந்தனைகள்.

அவர் என்ன செய்தார்? தொடக்கத்திலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறார். அன்று முழுவதும் எவரும் அவளிடம் ஒரு கட்டுக்கூட வாங்கவில்லை. ஒரு காசும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் தகப்பன் அடிப்பான். குளிரில் அவள் ஏன் தெருவில் நிற்கிறாள் என்பதற்கு இது விடை. ஜன்னல்களில் வெளிச்சமும் தெருவில் வாத்துப் பொரியும் மணமும் இருக்கின்றன. ஆனால் எந்த வாசலும் திறக்கவில்லை. இரண்டு வீடுகளுக்கு இடையிலான மூலையில் அவள் ஒதுங்குகிறாள். சூட்டுக்காகக் கொளுத்தும் ஒவ்வொரு குச்சியும் அவள் விற்கவேண்டிய சரக்கு. அவளது ஆறுதல் அவளது கணக்கிலேயே எழுதப்படுகிறது. அதை ஆசிரியர் மறைக்கவில்லை. முடிவில் பாட்டியும் மோட்சமும் வருவதை எமது முற்போக்கு நண்பர்கள் குறைசொல்லலாம். நானும் வகுப்பில் சொன்னதுண்டு. ஆனால் அந்த மோட்சத்துக்குப் பிறகும், விடிந்ததும், எரிந்த குச்சிகளுடன் ஓர் உடல் தெருவில் கிடக்கிறது. ஊரார் அதைப் பார்த்து நிற்கிறார்கள்.

ஆகவே குற்றம் கூலியில் இல்லை; வேண்டுகோளில் இல்லை; பண்டம் கதைக்குள் வருவதிலும் இல்லை. சுமப்பவனுக்குக் கதைக்குள் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறதா என்பதே அளவுகோல். அண்டர்சனின் சிறுமியிடமிருந்து தீக்குச்சியை எடுத்துவிட்டாலும், அடிக்குப் பயந்து வீடு போகாத ஒரு பிள்ளை மிஞ்சுவாள். எனது இளைஞனிடமிருந்து பெட்டியை எடுத்துவிட்டால் எவனும் மிஞ்சமாட்டான். அவன் இரண்டு கையும் ஒரு மோட்டார் சைக்கிளும் பூட்டிய எமது கண்ணீர்.

எமது கண்ணீர் என்று சொல்வதில் காரணமிருக்கிறது. இந்தக் கதையின் உண்மையான வாசகர் ஆச்சி அல்ல, அனுப்பும் மகன். அதாவது நானும் நீங்களும். வரமுடியாத குற்றவுணர்வை எம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு காட்சியைத் தருகிறது கதை: உன் இடத்தில் ஒருவன் இருந்தான், உன் அம்மா அவனுக்கு ஊட்டினாள். நாம் பெட்டிக்குக் காசு அனுப்புகிறோம் என்று நினைக்கிறோம். எமது இன்மையை நிரப்ப ஓர் ஆளையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறோம். அந்த ஆளுக்கும் வீட்டில் ஒரு தாய் இருக்கலாம், தீபாவளிக்கு முதல்நாள் இரவு அவன் எத்தனை மணிக்கு அவளிடம் போனான் என்று எந்தப் பெட்டியிலும் எழுதப்படுவதில்லை.

இங்கு டென்மார்க்கில் உணவு விநியோகம் செய்பவர்களுக்காக 3 எஃப் தொழிற்சங்கம் 2021இன் தொடக்கத்தில் ஒரு கூட்டு ஒப்பந்தம் செய்தது. மணித்தியாலக் கூலி, விடுமுறைக் கொடுப்பனவு, நோயில் விழுந்தால் சம்பளம் ஆகியவை அதில் உண்டு. எல்லா நிறுவனங்களும் அதற்குள் வரவில்லை; சுயதொழில் செய்பவர் என்ற பெயரில் துண்டுக்கூலிக்கு ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய தொழிலாளருக்கென ஒரு நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தார்; அவ்வாண்டே அது அமைக்கப்பட்டது. மணித்தியாலத்துக்குச் சம்பளம் பெறுபவன் வாசலில் ஒரு லட்டுக்காக நிற்கலாம். அப்போது எனது கதை ஓரளவு உண்மையாகும். யதார்த்தவாதம் சில வேளைகளில் எழுத்தாளன் கையில் இருப்பதைவிட ஒப்பந்தத்தின் கையில் அதிகம் இருக்கிறது.

அந்தப் பையனோடு பேசியபின் கதையைத் திருத்தி எழுதினேன். இம்முறை அவனுக்குப் பெயர் இருந்தது. ஆறு பெட்டிகள் படுக்கையாக இருந்தன. மூன்றாவது வாசலில் ஆச்சி "உள்ள வா" என்கிறார். அவன் "இன்னும் பதினொரு பெட்டி இருக்கு ஆச்சி" என்கிறான். ஆச்சி இரண்டு அரியதரத்தைக் கடதாசியில் சுற்றி அவன் சட்டைப் பையில் வைக்கிறார். அவன் படம் எடுக்கிறான். படத்தில் ஆச்சியும் பெட்டியும். அவ்வளவுதான். கடையின் பெயர் அடியில் அப்படியே இருந்தது.

மாணவர் இரண்டு நாள் கழித்துப் பேசினார். "சேர், இரண்டாவது நல்ல கதை. ஆனா முதலாவதைத்தான் அடிச்சுப் போட்டன். வட்ஸ்அப்பில அனுப்பினவுடன கனபேர் ஓடர் தந்திட்டினம்." அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. முதலாவதை எழுதியவன் நான். கதைக்குக் கூலியாக எனது பேரில் கோப்பாயிலுள்ள சின்னம்மாவுக்கு ஒரு பெட்டி போனது. பெட்டிக்குள் கதையும் இருந்தது, எழுதியவர் பெயர் இல்லாமல்.

தீபாவளியன்று சின்னம்மா பேசினார். கதையை வாசித்து அழுததாகச் சொன்னார். "ஆர் எழுதினதோ தெரியேல்லை. அந்தப் பெடியன்ர மனசைப் பார்" என்றார். பெட்டி கொண்டுவந்த பையன் எப்படி என்று கேட்டேன். சற்று யோசித்தார். "ஆர் வந்ததெண்டு நினைவில்லையடா. படலையடியில தந்திட்டு, படம் எடுத்துப்போட்டு ஓடிட்டான்" என்றார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. சின்னம்மா கண்ணாடி இல்லாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படலைக்கு இந்தப் பக்கம், ஈரத் தரையில், படம் எடுப்பவனின் நிழல் கொஞ்சம் விழுந்திருக்கிறது. மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் எழுதவேண்டும். குறிப்பாக, முதலாவது கதையே சிறந்தது என்று நினைப்பவர்கள்.